திங்களன்று ஓடாத ஸ்கிரிப்ட்

வேலையை விட்டுப் போகும் புரோகிராமர் ஒருவர் எழுதிவைத்த இரண்டு பக்கக் குறிப்பு இது. திங்கள்தோறும் காலையில் விற்பனை அறிக்கையைத் தயாரித்து மேலாளர்களுக்கு அனுப்பும் பைத்தான் ஸ்கிரிப்டை எப்படி ஓட்டுவது, நின்றுபோனால் எப்படிச் சரிசெய்வது என்று சொல்ல வருகிறது.

முதல் வேலையை நன்றாகவே செய்திருக்கிறார். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எந்தக் கோப்பில் இருக்கிறது, அறிக்கையை முதலில் தனக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது எப்படி என்பதெல்லாம் கட்டளையோடு இருக்கிறது. புதிதாக வருபவர் யாரையும் கேட்காமல் ஓட்டிவிடலாம்.

பழுது பார்க்கும் பகுதிதான் காலை வாருகிறது. "ஓடவில்லை என்றால் கையால் மறுபடி ஓட்டவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஸ்கிரிப்டைத் திறந்தால் உள்ளே இருப்பது இது:

```
end = date.today()
start = end - timedelta(days=7)
```

தொடக்க நாளைச் சேர்த்து, முடிவு நாளை விட்டுவிட்டுக் கணக்கெடுக்கிறது. திங்களன்று ஓடும்வரை சரி, போன திங்கள் முதல் ஞாயிறு வரை வரும். 2025 ஜனவரி 6, திங்கள். அன்று சர்வர் படுத்துவிட்டது, 8ஆம் தேதி புதனன்று குறிப்பில் உள்ளபடி ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வர வேண்டியது டிசம்பர் 30 முதல் ஜனவரி 5 வரை. வருவதோ ஜனவரி 1 முதல் 7 வரை. டிசம்பர் கடைசி இரண்டு நாள் விற்பனை எந்த அறிக்கையிலும் ஏறாது. 6, 7 தேதிகள் அடுத்த வாரமும் எண்ணப்பட்டு இரட்டிப்பாகும். பிழைச்செய்தி எதுவும் வராது. தொகையும் வழக்கமான அளவில்தான் இருக்கும். ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடும்வரை யாருக்கும் சந்தேகமே எழாது. ஓடாத அறிக்கையைக்கூட மன்னிக்கலாம், யாராவது கேட்டு வருவார்கள்.

இதற்கு மருந்து ஒரு வரிதான்:

```
end = date.today() - timedelta(days=date.today().weekday())
```

`weekday()` திங்களுக்கு 0, புதனுக்கு 2 தரும். ஆகவே எந்தக் கிழமை ஓட்டினாலும் முடிவு நாள் அந்த வாரத் திங்களில் போய் நிற்கும். ஒரு வாரமோ அதற்கு மேலோ தாமதமானால் இதுவும் போதாது, தேதியைக் கட்டளையிலேயே கொடுக்கும் வசதி வேண்டும்.

இன்னொரு விடுபாடும் உண்டு. திங்கள் காலை ஸ்கிரிப்டை எழுப்பும் கிரான் வரி அவருடைய சொந்தக் கணக்கில் இருக்கிறது. அவர் போனபின் நிர்வாகம் வழக்கம்போல அந்தக் கணக்கை நீக்கும். ஸ்கிரிப்டும் அன்றோடு நிற்கும். குறிப்பில் கிரான் நேரம் இருக்கிறது, யார் கணக்கு என்பது இல்லை. எழுதியவருக்கு அது தன் வீட்டு முகவரி மாதிரி, சொல்லத் தோன்றியிருக்காது.

என் தீர்ப்பு: ஓட்டுவதற்கான கையேடாக இதை ஏற்கலாம், பழுதுக்கான கையேடாக ஏற்க முடியாது. கிரானைப் பொதுக் கணக்குக்கு மாற்றி, வேண்டுமென்றே ஒரு புதன்கிழமை எழுதியவரோடு சேர்ந்து ஓட்டிப் பார்த்தபிறகுதான் பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும்.