1970-ஐத் தாண்டிக் குதிக்கும் காலவரிசை

ஜனநாயகமாதல் குறித்த ஒரு பருவத்து வாசிப்புகள் பெரும்பாலும் சேமோர் மார்ட்டின் லிப்செட்டில் தொடங்கும். புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுக்காக மாணவர் தயாரிக்கும் காலவரிசைச் சுருக்கமும் அங்கிருந்தே புறப்பட்டு, 1997-இல் வெளிவந்த ஆடம் ஷ்வோர்ஸ்கி, ஃபெர்னாண்டோ லிமோங்கி கட்டுரைக்கு ஒரே தாவலில் போய்ச் சேருகிறது. செல்வம் ஜனநாயகத்தைப் பிறப்பிக்கிறது என்றார் ஒருவர், பிறப்பிக்கவில்லை, காக்க மட்டுமே செய்கிறது என்றனர் மற்றவர்கள் என்று இந்தக் கதை சுருக்கப்படுகிறது. இப்படிச் சுருக்கினால் டாங்க்வார்ட் ரஸ்டோ காணாமல் போகிறார். அவர் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரை இல்லாமல் 1997-இன் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதே விளங்காது.

தொடக்க ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். லிப்செட்டின் கட்டுரை 1959-இல் ஆய்விதழில் வந்து, மறு ஆண்டு நூலொன்றில் சேர்ந்தது. நூலின் ஆண்டைக் குறித்துவைப்பவர் அந்த வாதத்தை ஓராண்டு தள்ளிவைக்கிறார். அதைவிடப் பெரிய பிழை தலைப்பை அவசரமாகப் படிப்பதில் நேர்கிறது. லிப்செட் பேசியது ஜனநாயகத்தோடு சேர்ந்து காணப்படும் தேவைகளைப் பற்றி. முன்கூட்டியே நிறைவேற வேண்டிய நிபந்தனைகள் என்று அவர் சொல்லவில்லை. 1963-இல் ஆல்மண்டும் வெர்பாவும் ஐந்து நாடுகளின் குடிமைப் பண்பாட்டை அளந்தனர். 1966-இல் பாரிங்டன் மூர் நிலவுடைமையாளர், விவசாயிகள், நகர வணிக வர்க்கம் ஆகியோரின் நீண்ட மோதலில் விடை தேடினார். 1968-இல் சாமுவேல் ஹண்டிங்டன், நிறுவனங்கள் வேரூன்றும் முன் சமூகம் வேகமாக மாறினால் ஒழுங்கே குலையும் என்று எச்சரித்தார்.

இவர்களுக்குப் பின் வந்த ரஸ்டோ கேள்வியையே மாற்றினார். ஒரு ஜனநாயகம் நிலைத்திருக்க எது உதவுகிறது என்பது வேறு, அது முதலில் எப்படித் தோன்றியது என்பது வேறு. இன்றைய நிலையான ஜனநாயகங்களின் வருமானத்தையும் எழுத்தறிவையும் அளந்தால் முதல் கேள்விக்கு மட்டுமே விடை கிடைக்கும். இரண்டாவதற்குக் காலத்தின் ஓட்டத்தில் பார்க்க வேண்டும்.

அதற்காக அவர் எடுத்துக்கொண்ட நாடுகள் ஸ்வீடனும் துருக்கியும். பெர்லினில் பிறந்து, நாஜி ஆட்சியில் துருக்கிக்குப் புலம்பெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இரண்டாவது நாடு நூலறிவு மட்டுமல்ல. அவருடைய மாதிரியில் ஒரே ஒரு பின்னணி நிபந்தனைதான் உண்டு. தாங்கள் எந்த நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பதில் பெரும்பாலோருக்கு ஐயம் இருக்கக் கூடாது. குறைந்தபட்ச வருமானம் என்று எதையும் அவர் விதிக்கவில்லை. பின்னணிக்குப் பிறகு மூன்று கட்டங்கள் வருகின்றன: யாரும் வெல்ல முடியாத நீண்ட போராட்டம், தலைவர்கள் அறிந்தே செய்துகொள்ளும் சமரசம், அந்த விதிகளுக்குப் பழகிப்போதல்.

ஸ்வீடனில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வாக்குரிமைக்கான போராட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. 1907-இல் ஆர்விட் லிண்ட்மனின் பழமைவாத அரசு ஆண்களுக்கான பொது வாக்குரிமைக்கு இசைந்தது. அதற்கு ஈடாக விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் பெற்றது. பெரும்பான்மையாகப் போகும் எதிரிகள் தங்களை அடியோடு துடைத்தெறியாமலிருக்க அது ஒரு காப்பு. இங்கே ஜனநாயகத்தின் மேல் யாருக்கும் காதல் தேவைப்படவில்லை. தோற்றாலும் அழிந்துவிட மாட்டோம் என்ற உறுதி போதுமாயிருந்தது. ரஸ்டோவின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுவே. 1986-இல் ஓ'டானலும் ஷ்மிட்டரும் ஆட்சி மாற்றங்களில் தலைவர்களின் உடன்படிக்கைகளை ஆராய்ந்தபோது இந்த வழியில்தான் நடந்தனர்.

இனி 1997-க்கு வரலாம். 1950 முதல் 1990 வரையிலான தரவுகளை வைத்து ஷ்வோர்ஸ்கியும் லிமோங்கியும் காட்டியது, வருமானம் உயர்வதால் ஜனநாயகம் பிறப்பதில்லை, ஆனால் பிறந்தது செல்வ நாட்டில் நிலைக்கிறது என்பதே. அவர்களின் கணக்கில் 1975-இல் அர்ஜென்டினாவின் தலா வருமானம் 6,055 டாலர், 1985-ஆம் ஆண்டின் விலைமதிப்பில். மறு ஆண்டு அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதைவிடச் செல்வமான ஒரு ஜனநாயகமும் அந்தக் காலத்தில் வீழவில்லை. எண்கள் புதியவை. ஆனால் தோற்றத்தையும் நிலைப்பையும் பிரிக்கும் கோடு 1970-இல் போடப்பட்டது.

ரஸ்டோவுக்கும் வரம்பு உண்டு. துருக்கியில் பலகட்சித் தேர்தல் வந்தபின் 1960-இலும் 1980-இலும் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. சமரசம் பழக்கமாகாமல் போவது ஏன் என்பதை அவருடைய கட்டங்கள் போதுமான அளவு விளக்கவில்லை. வருமானக் கணக்கு அங்கே கைகொடுக்கிறது.

ஆகவே காலவரிசையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று குறிப்புகள் வேண்டும்: வெளிவந்த ஆண்டு, தரவு எட்டும் ஆண்டுகள், யாருக்குப் பதில். நடுக் குறிப்பு இல்லாமல் 2003-இன் சர்ச்சை புரியாது. கார்லஸ் போய்ஷும் சூசன் ஸ்டோக்ஸும் தரவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின்னோக்கி நீட்டினர். வளர்ச்சியால் ஜனநாயகமான நாடுகள் பல 1950-க்கு முன்பே மாறிவிட்டன, அதனால்தான் 1997-இன் கணக்கில் அந்த விளைவு தென்படவில்லை என்பது அவர்கள் வாதம். அப்படி முன்பே மாறியவற்றுள் ஸ்வீடனும் ஒன்று.