கேட்காமலே இளைக்க வைக்கும் செயலி

எங்கள் தையல் கடையில் டிசைன் புத்தகத்தைப் புரட்டுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. வாடிக்கையாளரைப் படம் எடுத்து, அந்தப் படத்திலேயே புது ஜாக்கெட்டைப் போட்டுக் காட்டும் செயலியைச் சில வாரங்களாகப் பயன்படுத்துகிறேன். வேகமும் விலையும் பரவாயில்லை. ஒரு கழுத்து தனக்கு எடுக்குமா என்று மாடல் பெண்ணின் படத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். தன் முதுகிலேயே பார்த்துவிட்டால் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அதற்காகவே இந்தச் செயலியை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் இதன் ஒரு பழக்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. யாரும் கேட்காமலே உடம்பை இளைக்க வைத்துவிடுகிறது.

மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க ஓர் அக்கா வந்தார். பட்டுப் புடவையோடு வந்த 80 சென்டிமீட்டர் துணி. பின்பக்கம் பானைக் கழுத்து, அதைச் சுற்றி ஜரிகை பார்டர், முழங்கை வரை பிடிப்பான கை. அவரிடம் கேட்டுக்கொண்டு முதுகுப் பக்கம் படம் எடுத்தேன். புதுப் படம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இதே மாதிரி தச்சுடும்மா."

"ஒரு நிமிஷம்க்கா" என்று எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தேன். அசல் படத்தில் கை இடுப்போடு ஒட்டியிருந்தது. புதுப் படத்தில் நடுவே சுவர் தெரிந்தது. டேப் வைத்தால் கைச்சுற்று 15 அங்குலம். படத்தில் இருந்த கை 12 கூட வராது. அந்த மெலிந்த கைக்கு அழகாக நிற்கும் பிடிப்பை இவருக்கு வைத்தால் கையைத் தூக்கும்போது இறுக்கும், அக்குளில் மடிப்பு விழும். பழி தைத்தவள் மேல்தான்.

பார்டரிலும் இதே கதை. நெய்த பார்டர் நேரான பட்டை. வட்டத்தில் வைத்துத் தைத்தால் உள்பக்கம் சுருக்கம் தட்டும். செயலியோ அதை நீர் போல வளைத்துக் காட்டியிருந்தது. சதுரக் கழுத்து என்றால் மூலையில் மடித்துத் தைத்துவிடலாம் என்றேன். கைகளுக்குப் போக இரண்டு ஓரத்திலும் மிஞ்சிய பார்டரை மூலையில் ஒட்டுப் போட்டால் போதுமான நீளம் வந்தது.

சதுரக் கழுத்தைச் செயலியில் காட்டும்போது முழுப் படத்தையும் மாற்றவில்லை. விரலால் கழுத்துப் பகுதியை மட்டும் தேய்த்துக் குறித்தேன். கை அவருடைய கையாகவே இருந்தது. "இது நான்தான்" என்றார் அக்கா. கையைக் கொஞ்சம் லூசாகவே வைத்துத் தைத்தேன்.

கழுத்தின் வடிவத்துக்கும் நிறப் பொருத்தத்துக்கும் இந்தச் செயலியை நம்பலாம். பிடிப்புக்கு நம்பவே கூடாது. உங்கள் தையல்காரர் இப்படிப் படம் காட்டினால் அசல் படத்தையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அளவு ஜாக்கெட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். வேலை முடிந்ததும் உங்கள் படத்தை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள்.