வலுக்குறைந்த டி: கொடையாளரிடம் ஒரு கேள்வி, கருவுற்றவரிடம் வேறொரு கேள்வி

ஒரே பெண்ணின் குருதிக்கொடை அட்டையில் ‘ஓ பாசிட்டிவ்’ என்றும் பேறுகாலப் பதிவேட்டில் ‘ஓ நெகட்டிவ்’ என்றும் எழுதப்பட்டிருக்கக்கூடும். இரண்டு ஆய்வகங்களும் தத்தம் விதிமுறைகளை வழுவாமல் பின்பற்றியிருந்தும் இம்முரண்பாடு எழலாம். ஆர்எச் வகையின் டி ஆன்டிஜென் சிலருடைய சிவப்பணுக்களில் மிகக் குறைவாக வெளிப்படுவதே இதற்குக் காரணம். இந்நிலையை ‘வீக் டி’ என்று ஆய்வகத்தார் அழைக்கின்றனர். இதைக் கண்டறியச் செய்யப்படும் கூடுதல் சோதனை கொடையாளரைப் பொறுத்தவரை இன்றியமையாதது. கருவுற்ற பெண்ணைப் பொறுத்தவரை அதே சோதனை தவறான முடிவுக்கு வழிகாட்டக்கூடியது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

டி ஆன்டிஜென் என்பது சிவப்பணுவின் மேலுறையைப் பன்னிரண்டு முறை ஊடுருவிச் செல்லும் ஒரு புரதம். உறைக்கு வெளியே நீண்டிருக்கும் அதன் வளைவுகளையே எதிர்ப்பொருள்கள் அடையாளம் கண்டு பற்றிக்கொள்கின்றன. இயல்பான டி பாசிட்டிவ் அணு ஒன்றில் இப்புரதம் ஏறத்தாழ 10,000 முதல் 30,000 இடங்களில் காணப்படும். வலுக்குறைந்த டி உடையவரிடம் இந்த எண்ணிக்கை சில ஆயிரங்களாகவோ சில நூறுகளாகவோ சுருங்கிவிடுகிறது. 1946இல் ஸ்ட்ராட்டன் இத்தகைய அணுக்களை முதலில் விவரித்தபோது அவை ‘டி-யூ’ எனப் பெயர் பெற்றன. 1999இல் வாக்னர், ஃப்ளேகல் ஆகியோரின் குழு இதன் மரபணு அடிப்படையை வெளிப்படுத்தியது: புரதத்தில் உறைக்குள் அல்லது அணுவின் உட்புறம் அமைந்த ஓர் அமினோ அமிலம் மாறிவிடுவதால் புரதம் உறையில் சரிவரப் பதியாமல் எண்ணிக்கையில் குறைகிறது, ஆனால் வெளிப்புற வடிவம் பெரும்பாலும் மாறுவதில்லை. இதனின்று வேறானது ‘பகுதி டி’ எனப்படும் நிலை. அதில் வெளிப்புற வளைவுகளே மாறியிருப்பதால் ஆன்டிஜெனின் சில கூறுகள் அறவே இருப்பதில்லை. பகுதி டி உடையவரின் உடல் தன்னிடம் இல்லாத அந்தக் கூறுகளை அயற்பொருளாகக் கருதுகிறது. எனவே இயல்பான டி அணுக்கள் அவருடைய குருதியில் கலந்தால் டி-க்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகலாம்.

குருதிக்கொடையாளரிடம் கேட்கப்படும் கேள்வி எளியது: இந்த அணுக்களில் டி சிறிதளவேனும் உள்ளதா? உள்ளதென்றால், டி நெகட்டிவ் ஆன நோயாளிக்கு அந்தக் குருதியைச் செலுத்தக் கூடாது. அவர் கருவுறும் வயதுள்ள பெண்ணாக இருந்தால் ஒருமுறை எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட பின் அவருடைய எதிர்காலக் கருவுறுதல்கள் அனைத்தும் ஆபத்துக்குள்ளாகின்றன. முதற்கட்டச் சோதனையில் ஒரு துளி எதிர்-டி வினைப்பொருளும், 2 முதல் 5 விழுக்காடு செறிவுள்ள அணுக் கலவை ஒரு துளியும் சோதனைக்குழாயில் சேர்க்கப்பட்டுச் சுழற்றப்படுகின்றன. இயல்பான டி அணுக்கள் உடனே கட்டியாகத் திரளும். ஆன்டிஜென் குறைந்த அணுக்களில் எதிர்ப்பொருள் ஓரளவு ஒட்டிக்கொண்டாலும் அணுக்களை இணைத்துப் பிடிக்கும் அளவுக்கு அது போதாமல் திரட்சி நிகழாமல் போகலாம். ஆகவேதான் திரளாத மாதிரிகளுக்கு இரண்டாம் கட்டம் தேவைப்படுகிறது. குழாய் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை வைக்கப்படுகிறது. பின்னர் அணுக்கள் குறைந்தது மூன்று முறை உப்புநீரால் கழுவப்பட்டு, ஒட்டாத எதிர்ப்பொருள் நீக்கப்படுகிறது. அதன்பின் மனித எதிர்ப்பொருளைப் பற்றக்கூடிய கூம்ஸ் திரவம் இரண்டு துளி சேர்க்கப்படுகிறது. அணுவின் மேல் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள்களை இத்திரவம் ஒன்றோடொன்று பிணைப்பதால் மறைந்திருந்த டி திரட்சியாக வெளிப்படுகிறது.

இச்சோதனையின் வலிமை அதன் நுண்ணுணர்வில் உள்ளது. அதன் குறையும் அங்கிருந்தே தொடங்குகிறது. கழுவுதல் போதுமானதாக இல்லாவிட்டால் எஞ்சிய எதிர்ப்பொருள் கூம்ஸ் திரவத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். விளைவு பொய்யான நெகட்டிவ். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நெகட்டிவ் என வந்த ஒவ்வொரு குழாயிலும் முன்னரே எதிர்ப்பொருள் பூசப்பட்ட கட்டுப்பாட்டு அணுக்களைச் சேர்ப்பதாகும். அவை திரளவில்லையென்றால் முழுச் சோதனையும் செல்லாது. இதற்கு நேர்மாறாக, கொடையாளரின் அணுக்களில் ஏற்கெனவே எதிர்ப்பொருள் ஒட்டியிருந்தால் எதிர்-டி இல்லாமலேயே அவை திரண்டுவிடும். அதனால் எதிர்-டி சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய் ஒன்றை இணையாக வைத்துப் பார்க்காத ‘வீக் டி பாசிட்டிவ்’ முடிவுக்கு மதிப்பில்லை. நாள்தோறும் பல பேரின் குருதியைச் சோதிக்கும் குருதி மையங்களில் வேலை நெருக்கடியின்போது முதலில் கைவிடப்படக்கூடியவை இவ்விரு கட்டுப்பாடுகளே என்பது கவலைக்குரியது. இவை இல்லாமல் செய்யப்படும் கூடுதல் சோதனை, செய்யாமல் விடுவதைவிட மிகுந்த நம்பிக்கையைத் தவறான இடத்தில் வைக்கிறது. இத்தனைக்குப் பின்னும் ‘டெல்’ எனப்படும், ஓர் அணுவில் சில பத்து ஆன்டிஜென்களே உள்ள வகை கூம்ஸ் சோதனையிலும் தென்படாது. கிழக்கு ஆசிய மக்களிடையே டி நெகட்டிவ் எனக் கருதப்படுவோரில் கணிசமான பங்கினர் உண்மையில் இவ்வகையினர் என்பதால் அங்கு இந்தக் குறை பெரிது.

கருவுற்ற பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வி முற்றிலும் வேறு: இவருடைய உடல் டி-யை அயற்பொருளாகக் கருதுமா? திரட்சியின் வலு இக்கேள்விக்கு விடை தராது. ஒரு நிகழ்வை முழுமையாக எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கல்லூரிக் காலத்தில் குருதி கொடுத்து, கூம்ஸ் சோதனையில் டி வெளிப்பட்டதால் ‘ஓ பாசிட்டிவ்’ அட்டை பெற்ற ஒரு பெண் முதன்முறையாகக் கருவுறுகிறார் என்று கொள்வோம். பேறுகாலப் பரிசோதனையில் அவருடைய அணுக்கள் நேரடிச் சோதனையில் திரளவில்லை. ஆய்வகம் கொடையாளருக்குரிய பழக்கத்தால் கூம்ஸ் கட்டத்திற்கும் சென்று, திரட்சியைக் கண்டு, ‘பாசிட்டிவ்’ என அறிக்கை தருகிறது. எனவே 28ஆம் வாரத்திலும் பேற்றுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள்ளும் தரப்பட வேண்டிய எதிர்-டி ஊசி அவருக்குத் தரப்படவில்லை. அவர் வலுக்குறைந்த டி முதல் வகையினர் என்றால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் அவர் டி-ஆறு எனப்படும் பகுதி டி வகையினராக இருக்கலாம். அவ்வகையில் டி மரபணுவின் நடுப்பகுதி, அதன் அண்டை மரபணுவின் துண்டால் மாற்றப்பட்டிருப்பதால் பல கூறுகள் இல்லாமல் போகின்றன. தந்தையிடமிருந்து முழுமையான டி-யைப் பெற்ற குழந்தையின் அணுக்கள் பேற்றின்போது தாயின் குருதியில் கலந்தால் எதிர்ப்பொருள் உருவாகலாம்; அடுத்த கருவில் அது நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். டி-ஆறு தாய்மாரின் எதிர்ப்பொருளால் சிசு இறந்த நிகழ்வு மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. கூம்ஸ் கட்டத்தில் திரட்சியைக் காட்டிய அதே சோதனை அந்தத் தாய்க்குரிய பாதுகாப்பைப் பறித்துவிட்டது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இந்த அபாயத்தைத் தவிர்க்கவே நோயாளிகளுக்கும் கருவுற்றோருக்கும் டி-ஆறு வகையை நேரடிச் சோதனையில் பற்றாத எதிர்-டி பொருள்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கூம்ஸ் கட்டம் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டது. ஐயத்துக்குரியவர் நெகட்டிவ் எனக் கருதப்பட்டு 300 மைக்ரோகிராம் ஊசி பெறுகிறார். இந்த விதி பாதுகாப்பானது. ஆயினும் அதற்கும் ஒரு விலை உண்டு. எதிர்-டி ஊசி மனிதக் கொடையாளரின் பிளாஸ்மாவிலிருந்து பெறப்படும் அரிய பொருள். தேவையற்றவருக்குத் தரப்படும் ஒவ்வொரு ஊசியும் தேவையானவருக்குக் கிட்டாமல் போகக்கூடியது. மேலும், குருதியிழப்பு நேரும்போது இப்பெண்ணுக்கு அரிதான டி நெகட்டிவ் குருதியே தேடப்படும். இந்தியாவில் டி நெகட்டிவ் குருதியுடையோர் ஏறத்தாழ இருபதில் ஒருவரே என்பதால் அந்தத் தேடல் காலத்தை விழுங்கும். கடும் குருதிப்போக்கில் அந்தக் காலமே ஆபத்து. பேற்றுக்குப் பின் எடுக்கும் மாதிரியில் மற்றொரு இடர் உண்டு. டி நெகட்டிவ் தாயின் குருதியில் சிசுவின் டி அணுக்கள் மிகுதியாகக் கலந்திருந்தால், கூம்ஸ் கட்டத்தில் சில அணுக்கள் மட்டும் திரண்டு மற்றவை தனித்து நிற்கும். இந்தக் கலப்புத் தோற்றத்தைத் தாயின் வலுக்குறைந்த டி எனத் தவறாகப் படித்தால், மிக அதிகமான ஊசி தேவைப்படும் தாய்க்கே அது மறுக்கப்படும். திரளாத அணுக்கள் குழாயில் மிகுந்திருக்கும் ஒவ்வொரு முடிவையும் முந்தைய மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இதைக் கண்டறியும் வழி.

மரபணுச் சோதனை இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியது. 2015இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று, வலுக்குறைந்த டி வகைகள் 1, 2, 3 ஆகியவற்றை உடையோரை டி பாசிட்டிவ் என நடத்தலாம் என்றும் அவர்களுக்கு ஊசியும் நெகட்டிவ் குருதியும் வேண்டியதில்லை என்றும் பரிந்துரைத்தது. ஐரோப்பிய வழிவந்த மக்களிடையே வலுக்குறைந்த டி உடையோரில் மிகப் பெரும்பாலோர் இம்மூன்று வகையினரே என்பதால் அங்கு இந்தப் பரிந்துரை பெரும் பயன் தருகிறது. இந்தியாவிலோ நிலைமை வேறு. மும்பையிலுள்ள தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனத்தாரும் பிரெஞ்சு ஆய்வாளரும் இணைந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய வலுக்குறைந்த டி மாதிரிகளில் மிகுதியாகக் காணப்பட்டது டி மரபணுவின் மூன்றாம் எக்ஸான் என்னும் பகுதி இரட்டிப்பாகும் ஒரு புதிய வகை என்று தெரியவந்தது. அது 150ஆம் வகை என எண்ணிடப்பட்டது. ஐரோப்பிய மூவகைகளும் இங்கு அரியவையாகவே இருந்தன. எனவே அந்த மூன்றை மட்டும் தேடும் வெளிநாட்டுச் சோதனைத் தொகுதியை வாங்கி வைப்பதால் இந்தியக் கருவுற்ற பெண்களில் பெரும்பாலோருக்கு ‘வகை தெரியவில்லை’ என்ற விடையே கிடைக்கும். செலவு மட்டும் கூடும். வேற்றிடத்து விதியின் முடிவை எடுத்துக்கொண்டு, அந்த முடிவுக்கு ஆதாரமான மக்கள் ஆய்வை விட்டுவிடுவது அறிவியல் ஆகாது.

ஆகவே இன்றைய நிலையில் இந்திய ஆய்வகங்களுக்குப் பொருந்தும் நடைமுறை இரு வேறு வழிகளாகவே இருக்க வேண்டும். கொடையாளரின் நெகட்டிவ் மாதிரி ஒவ்வொன்றும் இரு கட்டுப்பாடுகளோடும் கூடிய கூம்ஸ் சோதனைக்கு உட்பட வேண்டும். வலுக்குறைந்த டி கண்ட அலகு ‘பாசிட்டிவ்’ என்றே முத்திரையிடப்பட வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கு டி-ஆறு வகையைப் பற்றாத எதிர்-டி பொருள்கள் இரண்டைக் கொண்டு நேரடிச் சோதனை செய்து, திரட்சி வலுக்குறைந்ததாகவோ ஒன்றுக்கொன்று மாறுபட்டதாகவோ இருந்தால், மரபணுவகை தெரியும்வரை அவரை நெகட்டிவ் என நடத்துவதே சரி. அதோடு அறிக்கையில் ‘கொடையாளராகப் பாசிட்டிவ், குருதி பெறுபவராகவும் கருவுற்றவராகவும் நெகட்டிவ்’ என்ற ஒரு வரி எழுதப்பட வேண்டும். அந்த வரி இல்லாத அறிக்கையைப் பெறும் பெண்கள், தம் பழைய குருதிக்கொடை அட்டையையும் மகப்பேறு மருத்துவரிடம் தவறாமல் காட்ட வேண்டும்.