இன்றைக்கு எத்தனை கிலோ?

சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போனால் நான் நின்று பார்ப்பது மொத்தக் கடைக்காரர்களை அல்ல. கூடையோடு வரும் சில்லறைக்காரப் பெண்களைத்தான். நாமக்கல் பக்கம் பரமத்தி வேலூர் ஏலச் சந்தையிலும் அப்படியே. குண்டுமல்லி வாங்க வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். எத்தனை கிலோ என்பதைத்தான் அங்கே நின்று முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவில் இருக்கும் நேர்த்தி எனக்குப் பெரிய கலையாகவே படுகிறது.

முதலில் கை வேலை செய்யும். குவியலின் மேலே கிடக்கும் மொட்டை அவர் பார்ப்பதே இல்லை. உள்ளே விரலை விட்டு நடுவில் சூடு இருக்கிறதா என்று பார்க்கிறார். பறித்த பிறகும் மொட்டு சுவாசிக்கிறது. நெருக்கமாகக் குவித்து நெடுநேரம் வைத்தால் உள்ளே சூடேறும். சூடு தட்டினால் அது நேற்றைய பூ, அல்லது நேற்றையது கலந்த பூ. அடுத்து, நாலைந்து மொட்டை உள்ளங்கையில் உருட்டுகிறார். நுனி பச்சையாக இருந்தால் முற்றாத மொட்டு, மாலையில் விரியாது. பழுப்பு ஓடியிருந்தால் வாங்கியே பயனில்லை. முழு வெள்ளையாகவும் இறுக்கமாகவும் இருப்பதுதான் சாயங்காலம் தலையில் மலரும். மழை நாளில் இன்னும் உஷார்: ஈரப் பூ தராசில் கனக்கும், மதியத்துக்குள் கறுக்கும்.

இனி கணக்கு. உதாரணத்துக்கு, சாதாரண நாளில் மல்லி கிலோ 500 ரூபாய், ஒரு கிலோவில் 20 முழம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழத்துக்கு அசல் 25 ரூபாய், விலை 40. இரவு மிஞ்சியதைப் பத்து ரூபாய்க்குத் தள்ளிவிடலாம். விற்றால் 15 லாபம், மிஞ்சினால் 15 நஷ்டம். கடைசி முழம் போகுமா போகாதா என்பது பாதிக்குப் பாதி என்றாலும் துணிந்து வாங்கலாம்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அதே கிலோ 1,500 ஆகிறது. அசல் 75. முழத்தை 100 ரூபாய்க்கு மேல் யாரும் வாங்கமாட்டார்கள். மிஞ்சியது 20 ரூபாய்க்குப் போனாலும் 55 நஷ்டம். விற்றால் கிடைப்பதோ 25. இப்போது கடைசி முழம் ஏறக்குறைய பத்துக்கு ஏழு நிச்சயமாகப் போகும் என்றால்தான் அதை வாங்கலாம். கூட்டம் அதிகமாக வரும் நாளில் மல்லியைக் குறைத்து வாங்குகிறார்கள் என்பது வெளியிலிருந்து பார்த்தால் புரியாது. இதையே செய்தித்தாள் விற்பவரின் சிக்கல் என்று கணிதப் பாடத்தில் சொல்லித்தருகிறார்கள். இந்தப் பெண்களுக்கு அந்தப் பாடம் இல்லாமலே விடை தெரிந்திருக்கிறது.

குறைத்ததோடு நிற்பதில்லை. கட்டும் விதத்தை மாற்றுகிறார்கள். நாரில் கண்ணிகளைச் சற்றே தள்ளிப் போட்டால் ஒரு கிலோவில் 28 முழம் வரும். அசல் 54 ஆகிறது. 80 ரூபாய்க்கு விற்றாலே பழைய லாபம், மிஞ்சினால் நஷ்டம் 34தான். வாங்குகிறவரின் மனம் நோகாமல், முழம் வெறிச்சென்றும் தெரியாமல் எவ்வளவு தளர்த்தலாம் என்பதை விரல்கள்தான் அறியும். “நெருக்கிக் கட்டினது வேணுமா கண்ணு, அது தனி விலை” என்று முன்பே சொல்லிவிடுகிற நேர்மையும் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மிச்சப் பணம் எங்கே போகிறது? சாமிக்கு வைக்கும் பூவில். பனமரத்துப்பட்டி பக்கத்து அரளி, சாமந்தி. ஆடியில் கல்யாண முகூர்த்தம் இல்லை. ஆனால் கோட்டை மாரியம்மன் திருவிழாவும் மற்ற அம்மன் கோயில்களும் சேர்ந்து அரளியை ஏற்றிவிடும். பண்டிகை நாளில் மல்லி வாங்காமல் போகிறவர்கள் இருக்கலாம், சாமிக்குப் பூ வாங்காமல் போவது அரிது. சாமந்தி இரண்டு மூன்று நாள் தாங்கும் என்பதால் கூடையில் தங்கினாலும் உயிர் போகாது.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு: பணத்தை இரண்டாகப் பிரிப்பது. விடியலில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதிக்குச் சற்றுப் பொறுக்கிறார்கள். வண்டிகள் தாமதமாக வந்து சேர்ந்தால் விலை இறங்கும். மார்கழி, தையில் மட்டும் இந்தப் பொறுமை ஆபத்து. பனியில் செடி பூப்பதே குறைவு. பொங்கலுக்கு முன் காத்திருந்தவர் வெறுங்கூடையோடு திரும்ப நேரும்.

பண்டிகைக்கு மறுநாள் விலை சரிந்து கிலோ 200 ரூபாய் என்றால், அன்று கை தாராளமாகிறது. முழத்துக்கு அசல் பத்து ரூபாய். மிஞ்சினாலும் இழப்பு இல்லை. அன்று கண்ணிகள் நெருங்கி, முழம் பருத்து வருகிறது. பண்டிகையில் தளர்ந்த முழம் வாங்கிப் போன அதே வாடிக்கையாளர் கையில்.