விம்மலுக்கும் கதறலுக்கும் நடுவே

கதை எழுதப் பழகுகிறவர்கள் அழுகைச் சொற்களை ஓர் ஏணியில் அடுக்கிவைத்துக்கொள்வார்கள். கீழ்ப்படியில் கண்கலங்குதல், அதற்குமேல் விசும்பல், பிறகு விம்மல், கேவல், உச்சியில் கதறல். துக்கம் எத்தனை படியோ அத்தனை படியில் ஒரு வினையை எடுத்துப் போட்டால் போதும் என்பது கணக்கு. அப்படி எழுதிய பக்கங்களைப் படித்தால் பாத்திரங்கள் எல்லாரும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவர்களாகத் தெரிவார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் ஒரு சாவு வீட்டுத் திண்ணையில் அரைநாள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் தப்பு என்பது விளங்கும்.

பாகூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் தகப்பன் இறந்துபோகிறார், வில்லியனூரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குக் காலையில் போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாமியார் வீட்டுக் கூடத்தில் நின்றபடி அவள் வாயைப் பொத்திக்கொண்டு விம்முகிறாள். பஸ்ஸில் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆட்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு விசும்புகிறாள். ஊரில் இறங்கித் தெருமுனை திரும்பியதும் சாமியானாப் பந்தல் கண்ணில் படுகிறது. அந்த இடத்திலிருந்து குரலெடுத்து அழுதுகொண்டே வருவாள். வர வேண்டும், வராவிட்டால் அதைப் பேசுவார்கள். ஐஸ் பெட்டிமேல் விழுந்து கதறுகிறாள். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்ததும் கதறலுக்குள் சொல் வந்துவிடுகிறது, அது ஒப்பாரி ஆகிறது. பிணம் எடுத்தபின் மூலையில் உட்கார்ந்து தேம்புகிறாள்.

ஒரே நாள், ஒரே பெண், ஒரே இழப்பு. இவற்றுள் எந்த நேரத்தில் துக்கம் அதிகம் என்று கேட்டால் நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். ஆனால் வினைச்சொற்களில் அதுதான் ஆகச் சன்னமானது. ஆகவே இந்தச் சொற்கள் துக்கத்தின் அளவைவிட, அழுவதற்குக் கிடைத்த இடத்தின் அளவையே கூடுதலாகச் சொல்கின்றன. யார் பக்கத்தில் இருக்கிறார்கள், யார் காதில் விழலாம், யார் காதில் விழக் கூடாது என்பது வினைக்குள்ளேயே இருக்கிறது. பழைய இலக்கணம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகையைப் பெரிது சிறிது என்று பிரிக்கவில்லை. எதனால் வந்தது என்று பார்த்து இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காகப் பிரிக்கிறது. இளிவு என்பது பிறர் இகழ்வதால் வருவது, இழவு பறிகொடுத்ததால் வருவது. இழவுக்கு ஊரே கூடும், அங்கே கதறலாம். அவமானப்பட்டவள் கதறினால் அவமானம் இரண்டு மடங்காகும். அவள் பொருமத்தான் முடியும், மிஞ்சினால் குமுறலாம்.

சொற்களின் ஓசையிலும் இந்த வேற்றுமை ஓரளவு கேட்கிறது. விம்மு, விசும்பு, தேம்பு, பொருமு ஆகிய நான்கிலும் மகரம் இருக்கிறது. சொல்லிப் பார்த்தால் உதடு மூடித் திறக்கும். கதறு, அலறு என்பவை வாயைத் திறந்தபடியே ‘று’வில் போய் முடிகின்றன. இரண்டும் சேர்ந்திருப்பது குமுறு: உள்ளே மூடி வைத்தது வெளியே வெடிப்பதற்கு முந்தைய நிலை. இதை விதியாக்கிவிட முடியாது. கேவு என்ற சொல்லில் இரண்டுமே இல்லை, சொல்லோடு அழுகிற புலம்பலில் மகரம் இருக்கிறது. ஆனால் காது கூர்மையான எழுத்தாளர்கள் இதைத் தெரிந்தோ தெரியாமலோ பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

மூச்சையும் பார்க்க வேண்டும். கதறலும் ஓலமும் மூச்சை விடும்போது வருபவை. கேவலும் தேம்பலும் மூச்சை இழுக்கும்போது தடுக்கித் தடுக்கி வருபவை. அடிவாங்கிய பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிய பிறகும் தேம்பும். அதற்கே தெரியாமல் நெஞ்சு ஏறி இறங்கும். தேம்பல் பெரும்பாலும் அழுகையின் வால் பகுதி. இதை மறந்துவிட்டு, செய்தி கேட்ட நொடியிலேயே ஒருத்தியைத் தேம்பித் தேம்பி அழ வைக்கும் கதைகள் வாரப் பத்திரிகைகளில் நிறைய வந்திருக்கின்றன. வாசகருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் நம்பிக்கை வராது. ‘விம்மிக் கதறித் தேம்பினாள்’ என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடைப்பது இன்னும் மோசம். மூன்று வேறு மூச்சுகள் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் ஓடாது.

சிணுங்கலும் முனகலும் தனி வகை. இரண்டும் சன்னமானவை என்பதால் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிடுகிறார்கள். சிணுங்கல் எதையோ கேட்கிறது, கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். அதனால்தான் குழந்தைக்கும் கொஞ்சலுக்கும் பொருந்துகிறது. கிராமத்தில் ‘நை நைன்னு அழுவுது’ என்பார்கள். முனகல் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. வலி தானாக எழுப்பும் ஓசை அது.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் நடக்கும் இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலை இந்தக் கண்ணோடு படிக்கலாம். 2018இல் க்ரியா வெளியீடாக வந்து, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். பொறியியல் படித்த ரேவதி வீட்டார் விருப்பத்துக்கு எதிராக ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொண்டு, பின்னால் தீக்காயத்தோடு அங்கே கொண்டுவரப்படுகிறாள். அப்பா நடேசனும் அம்மா அமராவதியும் வெளியே காத்திருக்கிறார்கள். உள்ளே எரிந்த உடல்கள், வெளியே உறவுகள், நடுவில் ஒரு கதவு. முனகலின் இடம் உள்ளே, கதறலின் இடம் வெளியே. ஆனால் இமையம் வினைச்சொற்களை நம்பி இந்த நாவலை நடத்தவில்லை. பக்கம் பக்கமாக உரையாடல்தான். அழுகிறவர்கள் என்ன பேசுகிறார்கள், யாரைத் திட்டுகிறார்கள், எந்தப் பழைய கதையை இழுக்கிறார்கள் என்பதிலிருந்தே குரலின் உயரம் நமக்குக் கேட்டுவிடுகிறது. அவருடைய முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ (1994) ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் புலம்பலால் ஆனது என்றே சொல்லிவிடலாம். தொல்காப்பிய உரியியலில் புலம்பு என்றால் தனிமை. கூட்டம் கலைந்து கேட்க ஆளில்லாத பிறகும் வாய் ஓயாதவளின் அழுகைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

ஆண்களுக்கு வினை குறைவு. சாவு வீட்டில் பந்தலுக்கு வெளியே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பவரை ‘குலுங்கி அழுதார்’ என்று எழுதுகிறோம்; அதில் ஓசை இல்லை, தோள் மட்டும்தான் இருக்கிறது. ஓர் ஆண் கதறினால் கதை அங்கே நின்று திரும்பிப் பார்க்கும். அதனால் அந்தச் சொல்லை ஒரு நாவலில் ஒரு முறைக்குமேல் ஓர் ஆணுக்குச் செலவழிப்பது வீண் என்றே தோன்றுகிறது.

தமிழில் அளவைக் காட்ட இன்னொரு வழி உண்டு, அதைக் கதைக்காரர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. ‘அழு’ என்ற வெறும் வினையோடு ஒரு துணைவினையைச் சேர்த்தால் போதும். ‘அழுதுவிட்டார்’ என்றால் அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ‘அழுது தீர்த்தாள்’ என்றால் இனி அழுவதற்கில்லை. ‘அழுது தொலைத்தான்’ என்றால் சொல்கிறவருக்கு அவன்மேல் இரக்கம் இல்லை. ‘கண்ணைக் கசக்கிக்கினு நின்னா’ என்று வில்லியனூர்ப் பேச்சில் ஒரு மாமியார் சொன்னால், மருமகள் அழுததோடு மாமியார் அதை நம்பவில்லை என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. விம்மலோ விசும்பலோ தேடி அகராதியைப் புரட்டுவதற்கு முன், அழுததை யார் சொல்கிறார்கள் என்பதை முடிவுசெய்துகொண்டால் பாதி இடங்களில் ‘அழு’ மட்டுமே போதுமானதாக இருக்கும்.