அரைக்கோட்டின் மதிப்பு

உருத்திரபுரத்தில் வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டரின் சுருள் எரிந்தால், முதலில் பழைய கம்பியின் தடிப்பை அறிய வேண்டும். எனாமலைச் சுரண்டிய செப்புக் கம்பியைத் திருகுக் கணிச்சியில் பிடித்து எடுத்த படமொன்றை வைத்துக்கொள்வோம்.

நேர் அளவிடையில் பூச்சியத்தைத் தாண்டி 0.5 மி.மீ. அரைக்கோடு தெரிகிறது. 50 பிரிவுள்ள வட்ட அளவிடையில் 23 பொருந்துகிறது. ஒரு பிரிவு 0.01 மி.மீ.; ஆகவே வாசிப்பு 0.73. தாடைகளை மூடி எடுத்த இன்னொரு படம் பூச்சியத்துக்குப் பதில் 2ஐக் காட்டுகிறது. அந்த 0.02 பூச்சிய வழுவைக் கழித்தால் விட்டம் 0.71 மி.மீ. கடைக்காரர் இதை 22ஆம் கேஜ் என்பார்.

குறுக்குவெட்டுப் பரப்பு πd²/4. 0.71ஐ வர்க்கித்து 0.785ஆல் பெருக்க, ஏறக்குறைய 0.396 சதுர மி.மீ. வழுவைக் கழிக்காவிட்டால் 0.419. விட்டத்தில் 3 சதவீதம் பிசகினால், வர்க்கத்தால் பரப்பில் அது ஏறத்தாழ 6 ஆகிறது. அரைக்கோட்டையே தவறவிட்டால் விட்டம் 0.21, பரப்பு பதினொன்றில் ஒரு பங்கு. ஆனால் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியும்: அவ்வளவு மெல்லிய கம்பி மோட்டரை எப்படி ஓட்டும்?

படத்துக்கே உரிய தொல்லை சரிவு. வட்ட அளவிடையின் விளிம்பு நேர் கோட்டுக்குச் சற்று மேலே நிற்பதால், பக்கவாட்டில் பிடித்த கமரா ஓரிரு பிரிவு தள்ளிக் காட்டும். படம் எடுத்தவரிடம் நேரே மேலிருந்து இன்னொரு படம் கேளுங்கள்.