280 எழுத்துக்குள் ஒரு புத்தகக் காட்சி

நீண்ட அழைப்பிதழை நாலு வரித் தலைப்புரையாகச் சுருக்க எது கைகொடுக்கும்? ஒரே அறிவிப்பை எக்ஸ் தளத்தின் பெட்டியிலும் இன்ஸ்டாகிராமின் தலைப்புரைப் பெட்டியிலும் போட்டுப் பார்த்தேன். பரீட்சைக்கு எடுத்துக்கொண்டது 48-வது சென்னைப் புத்தகக் காட்சி. அந்த ஆண்டின் விவரங்களை வழக்கமான அறிக்கை நடையில் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டேன். காட்சியை நடத்தும் பபாசியின் முழுப்பெயர், சுமார் 900 அரங்குகள், தொடங்கிவைப்பவர், மாலை உரைகள், விருதுகள் என்று எல்லாம் வந்தன. தேதியும் இடமும் கட்டணமும் எங்கோ நடுவில் போய் ஒளிந்துகொண்டன.

முதலில் எக்ஸ். இலவசக் கணக்குக்கு 280 எழுத்துதான். ஆனால் அது எண்ணும் எழுத்து நாம் எண்ணும் எழுத்தல்ல. ‘சென்னைப் புத்தகக் காட்சி’ நம் கண்ணுக்கு 12 எழுத்து, 2 இடைவெளி. எக்ஸ் கணக்கில் அது 24. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ‘நுழைவு’ மூன்றெழுத்துச் சொல், அங்கே ஆறு. ஆகவே 280 என்பது தமிழில் ஏறக்குறைய 160, 170 எழுத்துதான். அளவு நெருங்கும்வரை பெட்டியின் மூலையில் ஒரு வளையம் மட்டும் நிரம்பிக்கொண்டே வரும். கடைசி 20-இல்தான் எண் தெரியும்.

இந்தக் கெடுபிடி நல்லதைத்தான் செய்தது. தொடங்கிவைப்பவர் போனார், விருதுகள் போயின, அரங்குகளும் போயின. மிஞ்சியது இது:

“சென்னைப் புத்தகக் காட்சி: 2024 டிச. 27 – 2025 ஜன. 12, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். வேலை நாளில் பகல் 2 – இரவு 8.30, விடுமுறையில் காலை 11 – இரவு 8.30. நுழைவுக் கட்டணம் ரூ.10.”

எக்ஸ் கணக்கில் இது 174. இன்னும் 106 மிச்சம். இதற்கும் கீழே குறைக்க முடியுமா என்று பார்த்தேன். கை வைத்த இடமெல்லாம் இடித்தது. ஆண்டை எடுத்தால் என்ன? முந்தைய 47-வது காட்சி 2024 ஜனவரி 3 முதல் 21 வரை இதே மைதானத்தில் நடந்தது. ஆண்டில்லாத பழைய பதிவு ஒன்று சுற்றில் வந்தால், இது இந்த வருடத்ததா போன வருடத்ததா என்று சொல்ல ஆளில்லை. ‘நந்தனம்’ வேண்டாமா? ராயப்பேட்டையிலும் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் இருக்கிறது. நேரத்தை ‘காலை 11 முதல்’ என்று ஒன்றாக்கினால், செவ்வாய்க்கிழமை காலை குழந்தையோடு வருகிறவர் மூன்று மணி நேரம் வாசலில் நிற்பார். பத்து ரூபாய்தானே என்று கட்டணத்தை விட்டாலோ, ‘டிக்கெட் உண்டா?’ என்ற கேள்விதான் முதல் பின்னூட்டமாக வரும். அனுமதி இலவசம் என்றாலும் அதை எழுதியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஒருவர் இலவசம் என்று நினைப்பார், இன்னொருவர் முன்பதிவு என்று நினைப்பார்.

அடுத்து இன்ஸ்டாகிராம். 2,200 எழுத்து வரை இடம் கொடுக்கிறது. முழு அறிக்கையையே கொட்டலாம், கொட்டவும் செய்கிறார்கள். சிக்கல் அளவில் இல்லை, மடிப்பில். என் போனில் ஏறக்குறைய இரண்டு வரிதான் வெளியே தெரிகிறது. மீதி, தட்டினால்தான் விரியும். அந்த இரண்டு வரியிலும் கணக்கின் பெயர் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அழகுக்காக வரிக்கு வரி என்டர் தட்டினால் இன்னும் மோசம், நிகழ்ச்சியின் பெயரோடு கடை மூடிவிடுகிறது.

எனவே அதே தலைப்புரையை இங்கே தலைகீழாக்கினேன். பெயர்தான் கூடவே போடும் சுவரொட்டிப் படத்தில் பெரிதாக இருக்கிறதே! “2024 டிச. 27 – 2025 ஜன. 12, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், நுழைவு ரூ.10” என்று தொடங்கி, பெயரையும் நேரத்தையும் பின்னால் தள்ளினேன். மாலை உரைகளின் பட்டியல் அதற்கும் கீழே. ஆர்வமுள்ளவர் விரித்துப் படிப்பார்.

இன்ஸ்டாகிராமில் ஒரு வசதி, தலைப்புரையைப் பிறகும் திருத்தலாம். படத்தை மாற்ற முடியாது. தேதி தள்ளிப்போனால் எழுத்து ஒன்று சொல்லும், சுவரொட்டி வேறொன்று சொல்லும். அப்போது பதிவையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சரி. எக்ஸில் இலவசக் கணக்குக்குத் திருத்தும் வசதியே கிடையாது.

என் தீர்ப்பு: எழுத எக்ஸ் பெட்டி, போட இன்ஸ்டாகிராம். 280-க்குள் அடங்கும்வரை எக்ஸில் செதுக்குங்கள். பிறகு தேதி, இடம், கட்டணம் மூன்றையும் முன்னால் இழுத்து இன்ஸ்டாகிராமில் ஒட்டுங்கள். வெளியிடுமுன், அந்த நிகழ்ச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் காட்டி, “எப்போ, எங்கே, எவ்வளவு?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் தட்டாமல் பதில் வந்தால் போடலாம்.